மோல் கணக்குப் பயிற்சித்தாள் – பத்தாம் வகுப்பு

அணு நிறைகள்: H = 1, C = 12, N = 14, O = 16, Na = 23, Cl = 35.5, Ca = 40. அவகாட்ரோ எண் 6.022 × 10²³.

கிராமிலிருந்து துகள் எண்ணிக்கைக்கு நேராகத் தாவ வேண்டாம். நடுவில் மோல் என்ற படியில் கால் வைத்தே போக வேண்டும். கிராமை மோலார் நிறையால் வகுத்தால் மோல் கிடைக்கும். அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் துகள்கள். திரும்பி வரும்போது வகுத்தலும் பெருக்கலும் இடம் மாறும், அவ்வளவுதான்.

ஒரு டம்ளரில் 180 கிராம் தண்ணீர் இருக்கிறது. H₂O-வின் மோலார் நிறை 2 + 16 = 18 கி/மோல்.
180 ÷ 18 = 10 மோல்
10 × 6.022 × 10²³ = 6.022 × 10²⁴ மூலக்கூறுகள்
அணுக்களைக் கேட்டால்? ஒரு மூலக்கூறில் 3 அணுக்கள், எனவே 1.8066 × 10²⁵. கேள்வி கேட்பது அணுவையா மூலக்கூறையா என்று பார்க்காமல்தான் பாதிப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

சரி, இனி நீங்கள்:

1. 5.85 கிராம் சமையல் உப்பில் (NaCl) எத்தனை Na⁺ அயனிகள்?
2. 0.25 மோல் CaCO₃-இன் நிறை என்ன?
3. 3.011 × 10²³ CO₂ மூலக்கூறுகள் எத்தனை கிராம்?
4. 9 கிராம் குளுக்கோஸில் (C₆H₁₂O₆) உள்ள ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை?
5. 14 கிராம் நைட்ரஜன் வாயு 1 மோல் என்று ஒரு மாணவி எழுதினாள். எங்கே தவறினாள்?

விடைகள் (போட்டுப் பார்த்த அப்புறம்):
1) 6.022 × 10²²
2) 25 கி
3) 22 கி
4) 1.8066 × 10²³
5) வாயு N₂; மோலார் நிறை 28. எனவே 0.5 மோல்.