உருமாற்றங்கள்: கட்டத்தாள் பயிற்சி

தாளைப் படமெடுத்து அனுப்பியிருப்பதால் கட்டங்கள் கொஞ்சம் சாய்ந்து தெரியும். திரையில் அளவுகோலோ கோணமானியோ வைக்க வேண்டாம். கட்டங்களை எண்ணினாலே போதும். உங்கள் நோட்டில் இரு அச்சுகளையும் -10 முதல் 10 வரை வரைந்துகொள்ளுங்கள்.

எல்லா வினாக்களுக்கும் ஒரே முக்கோணம்தான்: அ(1, 1), ஆ(4, 1), இ(1, 3).

1. இடப்பெயர்வு. முக்கோணத்தை 5 கட்டம் இடப்பக்கமும் 2 கட்டம் மேலேயும் நகர்த்துங்கள். மூன்று முனைகளும் ஒரே அளவு நகர வேண்டும். அ போய்ச் சேரும் இடம் (-4, 3). மற்ற இரண்டையும் நீங்களே குறியுங்கள்.

2. எதிரொளிப்பு.
(க) y அச்சைக் கண்ணாடியாகக் கொண்டு எதிரொளியுங்கள்.
(ங) இப்போது கண்ணாடி x = 5 என்ற கோடு. இங்கே வெறுமனே குறியை மாற்றினால் விடை வராது. ஆ அந்தக் கோட்டுக்கு 1 கட்டம் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் அதன் பிம்பம் 1 கட்டம் வலப்பக்கம், அதாவது (6, 1). அ, இ இரண்டும் கோட்டிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி இருக்கின்றன?

3. சுழற்சி.
(க) ஆதிப்புள்ளியை மையமாக வைத்து, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராக 90° சுழற்றுங்கள். விதி: (x, y) → (-y, x).
(ங) அ-வையே மையமாக வைத்து, கடிகாரத் திசையில் 90° சுழற்றுங்கள். மையம் அசையாது. ஆ, அ-விலிருந்து 3 கட்டம் வலப்பக்கம் இருந்தது. இனி 3 கட்டம் கீழே இருக்கும்.

4. இந்த வினாவை நிதானமாகச் செய்யுங்கள். 2(க), 3(க) இரண்டிலும் அ போய் நிற்பது (-1, 1) என்ற ஒரே புள்ளியில்தான். ஒரு முனையை மட்டும் பார்த்து எந்த உருமாற்றம் என்று சொல்லிவிட முடியாது. அ, ஆ, இ என்ற வரிசையில் விரலால் சுற்றி வாருங்கள். மூல முக்கோணத்தில் விரல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. இரண்டு பிம்பங்களில் எதில் திசை மாறுகிறது? ஏன்?

5. கீழே உள்ள பிம்பங்கள் எந்த உருமாற்றத்தால் கிடைத்தவை? முனைகள் அ, ஆ, இ வரிசையிலேயே தரப்பட்டுள்ளன. கண்ணாடிக் கோடு, அல்லது மையமும் கோணமும், எழுதாவிட்டால் விடை முழுமையாகாது.
(க) (1, -1), (4, -1), (1, -3)
(ங) (-1, -1), (-4, -1), (-1, -3)
(ச) (1, 1), (1, 4), (3, 1)

6. முக்கோணத்தை முதலில் y அச்சிலும், கிடைத்த பிம்பத்தை x = 2 என்ற கோட்டிலும் எதிரொளியுங்கள். அ கடைசியில் (5, 1)-க்கு வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டாவது எதிரொளிப்பை மறுபடி எண்ணிப் பாருங்கள். இரண்டு எதிரொளிப்பும் சேர்ந்து எந்த ஒற்றை உருமாற்றத்துக்குச் சமம்? அந்த நகர்வின் நீளத்துக்கும் இரு கோடுகளின் இடைவெளிக்கும் என்ன தொடர்பு? x = 2-க்குப் பதில் x = 3 வைத்துச் சரிபாருங்கள்.