பொருள்: தர மேலாளர் பணி – பதவிப் பெயரையும் மேலதிகாரியையும் எழுத்தில் உறுதிசெய்து தரக் கோருதல்

திருப்பூர்
26.06.2025

பெறுநர்: மனிதவள மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று மின்னஞ்சலில் அனுப்பிய பணி நியமனக் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. மாதச் சம்பளம் ரூ.48,000, சேரவேண்டிய நாள் ஆகஸ்ட் 1 என்று நேர்முகத் தேர்வில் பேசியபடியே இருக்கின்றன. அவற்றில் எனக்குக் கேள்வியே இல்லை. கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது வேறு இரண்டு வரிகளில்தான் தடங்கல்.

ஜூன் 8 ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வந்த உங்கள் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். அதில் 'தர மேலாளர்' என்றும், 'பொது மேலாளரின் நேரடிப் பொறுப்பில்' என்றும் இருக்கிறது. நியமனக் கடிதத்தில் பதவி 'மூத்த தர அலுவலர்' என்றும், மேலதிகாரி 'உற்பத்தி மேலாளர்' என்றும் இருக்கிறது. 19ஆம் தேதி நேர்முகத் தேர்வில் இந்த மாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நேற்று மாலை தொலைபேசியில் கேட்டபோது, "பேப்பரில் அப்படித்தான் இருக்கும், நடைமுறையில் நீங்கள்தான் மேனேஜர்" என்றீர்கள். உங்கள் வார்த்தையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாளை நீங்களோ பொது மேலாளரோ வேறு இடத்துக்கு மாறினால், புதிதாக வருபவர் கையில் இருக்கப்போவது இந்தப் பேப்பர்தான்.

பதவிப் பெயரைப் பொறுத்தவரை என் கவலை எளிமையானது. இப்போது நான் உதவி தர மேலாளர். பதினோரு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு 'அலுவலர்' என்று சேர்ந்தால், அடுத்து என் விவரக் குறிப்பைப் பார்ப்பவர் ஏன் இறங்கினீர்கள் என்றுதான் கேட்பார்.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. ஷிப்மெண்ட் நாளுக்குள் சரக்கை அனுப்பியாக வேண்டியவர் உற்பத்தி மேலாளர். சரியில்லாத சரக்கை நிறுத்தவேண்டியவள் நான். நிறுத்தப்படுகிறவரிடமே என் விடுப்பும் ஊதிய உயர்வும் இருந்தால், நான் எத்தனை முறை நிறுத்துவேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்போதைய நிறுவனத்தில் 3,000 பீஸ் காலர் டி-ஷர்ட் ஆர்டர். ஏ.க்யூ.எல் 2.5 கணக்குப்படி 125 பீஸ் எடுத்துப் பார்த்தோம். குறை 7 வரை இருந்தால் ஏற்கலாம், 8 ஆனால் லாட்டைத் திருப்பவேண்டும். 9 வந்தது, பெரும்பாலும் காலர் ஓரத்தில் தையல் விட்டுப்போனவை. "இன்னொரு 125 எடுத்துப் பாருங்கள்" என்று உற்பத்திப் பிரிவிலிருந்து நெருக்கினார்கள். நான் பொது மேலாளருக்குக் கீழ் இருந்ததால் மறுக்க முடிந்தது. இரண்டு நாள் முழு லாட்டையும் மறுபடி செக்கிங் செய்துதான் பேக்கிங்குக்கு விட்டோம். பையரின் ஆய்வாளர் வந்தபோது தேறிவிட்டது.

எனவே, திருத்திய நியமனக் கடிதத்தில் கீழ்க்கண்ட வாசகத்தைச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்:

"தங்கள் பதவி: தர மேலாளர். தாங்கள் பொது மேலாளருக்கு நேரடியாகப் பதிலளிப்பீர்கள். தங்கள் விடுப்பு, ஆண்டு மதிப்பீடு, ஊதிய உயர்வு ஆகியவற்றைப் பொது மேலாளரே முடிவுசெய்வார். இறுதி ஆய்வில் தேறாத லாட்டை நிறுத்திவைக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு."

விளம்பரத்தில் சொன்ன பதினான்கு செக்கிங் பணியாளர்களும் என் பொறுப்பில்தான் வருவார்களா என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் நல்லது.

ஒருவேளை விளம்பரத்துக்குப் பிறகு நிர்வாகம் அமைப்பை மாற்றியிருந்து, நியமனக் கடிதத்தில் இருப்பதே சரி என்றால், அதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். வருத்தம் இருக்காது, அந்தப் பொறுப்பு எனக்கு ஒத்துவருமா என்று பார்த்துப் பதில் சொல்கிறேன். பேச்சில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருப்பதுதான் எனக்குச் சரிப்படாது.

ஜூன் 30 திங்கட்கிழமைக்குள் ஒப்புதல் தரச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே எனக்கு ஒரு மாத முன்னறிவிப்பு; அன்றே ராஜினாமா கொடுத்தால்தான் ஆகஸ்ட் 1 சேர முடியும். உங்கள் பதில் எழுத்தில் வராமல் ராஜினாமா கொடுக்க இயலாது. சனிக்கிழமை மாலைக்குள் திருத்திய கடிதம் அனுப்ப முடிந்தால் திங்கள் காலையே கையெழுத்திட்டுத் தருகிறேன். பொது மேலாளரின் ஒப்புதலுக்கு நேரம் ஆகுமென்றால், ஒப்புதல் நாளையும் சேரும் நாளையும் அதற்கேற்பத் தள்ளிவைத்து ஒரு வரி எழுதிவிடுங்கள்.

விளம்பர நறுக்கின் படத்தையும், இரண்டு வரிகளை அடிக்கோடிட்ட நியமனக் கடிதத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. தேன்மொழி