தாமதமாக வந்த பார்சல்களுக்கு மன்னிப்பு: எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்திருக்கிறோம்

கடந்த சில வாரங்களாக வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் எங்களிடம் ஆர்டர் செய்த பலருக்குச் சாப்பாடு மிகவும் தாமதமாக வந்தது. 40 நிமிடம் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் காக்க வைத்திருக்கிறோம். குழந்தைகள் பசியோடு தூங்கிப்போனதாகவும், வீட்டுக்கு வந்த விருந்தினர் சாப்பிடாமலே கிளம்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் படித்தோம். மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறோம். இது மழையாலோ போக்குவரத்து நெரிசலாலோ வந்த தாமதம் அல்ல. டெலிவரிக்கு வரும் தம்பிகள் மேலும் தவறில்லை. அவர்களில் பலர் எங்கள் வாசலிலேயே அரை மணி நேரம் நின்றார்கள். தவறு எங்கள் சமையலறைக்குள் நடந்தது.

செய்ய முடிந்ததைவிட அதிக ஆர்டரை எடுத்தோம் என்பதுதான் முதல் காரணம். வார இறுதி இரவில் 15 நிமிடத்துக்கு 12 ஆர்டர் வரை எங்களால் ஒழுங்காகச் சமைத்துக் கட்டி அனுப்ப முடியும். வந்ததோ 20. முதல் கால் மணி நேரத்தில் 8 ஆர்டர் மிச்சம் நிற்கும். அடுத்த கால் மணியில் அது 16. முக்கால் மணி நேரம் முடியும்போது 24. அந்த நேரத்தில் ஆர்டர் செய்பவரின் சாப்பாட்டுக்கு அடுப்பு காலியாகவே அரை மணி நேரம் ஆகும். ஆனால் அவருடைய திரையிலோ முதலில் ஆர்டர் செய்தவருக்குக் காட்டிய அதே '40 நிமிடம்' தான் தெரிந்தது. இரண்டு டெலிவரி ஆப்கள், எங்கள் இணையதளம், தொலைபேசி என்று நான்கு வழியில் ஆர்டர் வருகிறது. ஒன்றில் எத்தனை வந்திருக்கிறது என்று மற்றொன்றுக்குத் தெரியாது. எல்லாம் தானாக ஏற்கும்படி வைத்திருந்ததால் யாரும் நிறுத்தவும் இல்லை.

இப்போது நான்கு வழியில் வருவதும் ஒரே திரையில் விழுகிறது. 15 நிமிடத்துக்கு 12 தான். அதில் 2 தொலைபேசியில் கூப்பிடுபவர்களுக்காக ஒதுக்கியவை. 12 நிரம்பியதும் அடுத்து ஆர்டர் செய்பவருக்குத் தள்ளிப்போன நேரம் காட்டப்படும். 70 நிமிடம் என்றால் 70 நிமிடம் என்றே தெரியும். வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் பணம் கட்டும் முன்பே முடிவு செய்யலாம். அதற்கும் மேல் போனால் ஆர்டர் எடுப்பதையே கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவோம். சனிக்கிழமை இரவு 'தற்போது ஆர்டர் ஏற்கவில்லை' என்று பார்த்தால் கடை மூடவில்லை, ஏற்கெனவே எடுத்ததை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் தாமதத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். ஓர் ஆர்டரில் கிரில், வறுவல், சூப் மூன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிலுக்கு 18 நிமிடம், வறுவலுக்கு 7, சூப்புக்கு 4. பில் அடித்ததும் மூன்று அடுப்புக்கும் ஒரே நேரத்தில் சீட்டு போகும், மூவரும் உடனே ஆரம்பிப்பார்கள். சூப் 14 நிமிடம், வறுவல் 11 நிமிடம் கிரிலுக்காகக் காத்திருக்கும். வறுவலின் மொறுமொறுப்பு அங்கேயே போய்விடும். அதைவிட மோசமான விஷயம் வேறு: வறுவல் மட்டும் போட்டால் கிளம்பத் தயாராக இருக்கும் இன்னோர் ஆர்டர் அந்த எண்ணெய்ச் சட்டிக்காகப் பின்னால் நிற்கும். அடுப்படியில் எல்லோரும் ஓய்வில்லாமல் உழைக்கிறார்கள், மேசை முழுக்கப் பாதி முடிந்த ஆர்டர்கள், ஒரு பைகூட வெளியே போகவில்லை. அந்த இரவுகளில் நடந்தது இதுதான்.

இப்போது சீட்டு ஒரே நேரத்தில் போவதில்லை. கிரில் முதலில் ஆரம்பிக்கும். 11-ஆவது நிமிடத்தில் வறுவலுக்குச் சீட்டு அடிக்கும், 14-ஆவது நிமிடத்தில் சூப்புக்கு. மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பேக்கிங் மேசைக்கு வரும். ஆர்டர்களின் வரிசையும் மாறிவிட்டது: எது முதலில் வந்தது என்று பார்ப்பதில்லை, எது முதலில் கிளம்ப வேண்டும் என்று பார்க்கிறோம். தூரத்து வீட்டுக்குப் போக வேண்டியது பக்கத்து வீட்டுப் பார்சலுக்கு முன்னால் சமைக்கப்படலாம். கடையில் வந்து வாங்குபவர்கள் தங்களுக்குப் பின்னால் வந்த பார்சல் முன்னால் போவதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

எண்ணெய்ச் சட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்தில் கூடையை நிரப்பிப் போட்டால் வேகமாக முடியும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. 175 முதல் 180 டிகிரியில் இருக்கும் எண்ணெய் குளிர்ந்த பொருள் நிறைய விழுந்ததும் 150-க்குக் கீழே இறங்கிவிடும். பழைய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், அதுவரை உள்ளே இருப்பது வேகாமல் எண்ணெயைக் குடிக்கும். சிலருக்கு வந்த வறுவல் எண்ணெய் சொட்டிக்கொண்டு, நடுவில் சரியாக வேகாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். இப்போது கூடையில் பாதிக்கு மேல் போடுவதில்லை. இரண்டாவது சட்டி ஒன்றும் வாங்கிப் பொருத்தியாயிற்று. வார இறுதியில் 7 மணி முதல் 10 மணி வரை 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் பதார்த்தங்கள் டெலிவரிப் பட்டியலில் இருக்காது. முழுக்கோழி ரோஸ்ட்டை விரும்பிக் கேட்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும். அதை மாலை 6 மணிக்குள் முன்பதிவு செய்தால் கட்டாயம் செய்து தருவோம்.

பேக்கிங் மேசையும் மாறிவிட்டது. முன்பு ஒரே மேசையில் ஒருவர் எடுத்து வைப்பார், அவரே எண்ணுவார், அவரே கட்டுவார். நடுவில் தொலைபேசி அடித்தால் அதையும் அவரே எடுப்பார். குழம்பு இல்லாத பை, ஸ்பூன் இல்லாத பை எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பின. விட்டுப்போனதைக் கொண்டுவர இன்னொருவர் திரும்ப வர வேண்டியிருந்தது, அடுத்த மூன்று ஆர்டர்கள் அதனால் தாமதமாயின. இப்போது இரண்டு பேர்: ஒருவர் டப்பாக்களை நிரப்பி மூடுகிறார், மற்றவர் சீட்டை வாய்விட்டுப் படித்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி சீல் ஒட்டுகிறார். சீலில் ஆர்டர் எண், மொத்த டப்பா எண்ணிக்கை, கட்டிய நேரம் மூன்றும் இருக்கும். தொலைபேசி அந்த மேசையை விட்டே போய்விட்டது.

குழம்பு டப்பா விளிம்பு வரை நிறையாது, ஒரு விரல் அளவு இடம் விட்டுத்தான் மூடுகிறோம். அளவு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக டப்பாவைப் பெரிதாக மாற்றியிருக்கிறோம். வறுவலுக்கு மூடியில் துளையுள்ள அட்டைப் பெட்டி. ஆவி வெளியே போகாவிட்டால் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். சூடானதும் குளிர்ந்ததும் தனித்தனிப் பையில் வரும்.

இன்னொரு உண்மையையும் மறைக்க விரும்பவில்லை. ஆப்பில் 'உணவு தயார்' என்ற பொத்தானைச் சமையல் முடியும் முன்பே அழுத்தும் பழக்கம் எங்களிடம் இருந்தது. டெலிவரித் தம்பி சீக்கிரம் வந்துவிடுவார் என்ற எண்ணம். அவரும் வந்துவிடுவார், பை வராது. உங்கள் திரையிலோ சாப்பாடு தயாராகி வெகு நேரமானதாகக் காட்டும். காத்திருந்து அலுத்துப்போன ஒருவர் ஆர்டரை விட்டுவிட்டுப் போனால் இன்னொருவர் வரும்வரை மறுபடியும் காத்திருப்பு. உங்களையும் அவர்களையும் ஒருசேர ஏமாற்றிய செயல் இது. இனி சீல் ஒட்டிய பிறகு, சீல் ஒட்டியவர் மட்டுமே அந்தப் பொத்தானை அழுத்துவார்.

எங்கள் சொந்த டெலிவரியில் ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு பார்சலுக்கு மேல் தருவதில்லை, அதுவும் இரண்டும் ஒரே திசையில் இருந்தால்தான். முன்பு நான்கு வரை கொடுத்தோம். நான்காவது வீட்டுக்காரருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 3 கிலோமீட்டர் வரை 40 நிமிடம், 3 முதல் 5 வரை 55 நிமிடம் என்பது சாதாரண நேரத்துக்கான கணக்கு. வார இறுதி இரவுகளில் 5 கிலோமீட்டருக்கு அப்பால் தற்காலிகமாக அனுப்புவதில்லை. தொலைவில் இருக்கும் நீண்டநாள் வாடிக்கையாளர்களுக்கு இது வருத்தம் தரும். ஆறிப்போன சாப்பாட்டை அனுப்புவதைவிட இப்போதைக்கு இதுவே சரி என்று நினைக்கிறோம். சூடாக இருக்க வேண்டிய உணவு 60 டிகிரிக்குக் கீழே வெகு நேரம் கிடப்பது பாதுகாப்பும் அல்ல.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் குறியிட்ட இடமும் எழுதிய முகவரியும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். அடுக்குமாடி என்றால் எந்த வாசல், எத்தனையாவது மாடி என்பதையும் சேர்த்துவிடுங்கள். வந்த தாமதங்களுக்கு இது காரணம் அல்ல, ஆனால் கடைசி ஐந்து நிமிடம் இதில்தான் மிச்சமாகும்.

இனி தாமதமானால் நீங்கள் கேட்கும்வரை காத்திருக்க மாட்டோம். சொன்ன நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்த உடனே கடையிலிருந்து அழைப்பு வரும். 15 நிமிடத்துக்கு மேல் தாண்டினால் டெலிவரிக் கட்டணம் திரும்ப வரும். 30 நிமிடத்துக்கு மேல் போனால், சமைத்து முடித்திருந்தாலும் நீங்கள் ரத்து செய்யலாம். முழுப் பணமும் தருவோம். தாமதமாக வந்த பையை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் வைத்திருந்தால், சீலில் உள்ள நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியிலேயே இருந்திருந்தால் தயவுசெய்து சாப்பிட வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு: ஆர்டர் எண்ணையும், பை கைக்கு வந்த நேரத்தையும் இந்தப் பக்கத்தின் இன்பாக்ஸில் அனுப்புங்கள். ஆர்டர் எண் கிடைக்காவிட்டால் தேதியும் ஆர்டர் செய்த பெயரும் போதும், எங்கள் பதிவில் தேடிக்கொள்கிறோம். கமெண்டில் தொலைபேசி எண்ணோ முகவரியோ போட வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். 24 மணி நேரத்துக்குள் பதில் வரும். பணம் நீங்கள் கட்டிய வழியிலேயே திரும்பும். கார்டில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கில் தெரியச் சில வேலை நாட்கள் ஆகலாம். ஆப் வழியாக ஆர்டர் செய்தவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே புகாரை மூடிவிட்டார்கள் என்றாலும் எங்களுக்கு எழுதுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து தருகிறோம்.

கோபமாக எழுதிய கமெண்ட் எதையும் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டோம். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து புதிய முறை முழுமையாக நடக்கிறது. அப்போதும் உங்கள் பார்சல் தாமதமானால் சீலைப் படம் எடுத்து அனுப்புங்கள். கட்டிய நேரமும் உங்கள் கைக்கு வந்த நேரமும் தெரிந்தால், தாமதம் சமையலறையிலா வழியிலா என்பது எங்களுக்கு உடனே புரிந்துவிடும்.

உணவக உரிமையாளர்,
சமையலறை, பேக்கிங், டெலிவரிப் பணியாளர்கள் அனைவரின் சார்பில்