ஊசி குத்துக் காய அறிக்கை: ஆண்கள் மருத்துவ விடுதி, யாழ்ப்பாணம்

2024 ஜனவரி 19

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு வைத்திய அதிகாரி அவர்களுக்கு,
பிரதி: விடுதிப் பொறுப்புத் தாதிய உத்தியோகத்தர்

ஐயா,

17ஆம் திகதி புதன்கிழமை அதிகாலை 5.10க்கு, இரவுக் கடமையில் இருந்தபோது, பாவித்த ஊசி ஒன்று என் இடது கைச் சுட்டு விரலில் குத்தியது. அன்று காலையே சிறு படிவத்தில் பதிந்துவிட்டேன். படிவத்தில் "நடந்த விதம்" என்ற பகுதிக்கு இரண்டு வரிதான் இடம் உண்டு. நடந்தது இரண்டு வரியில் அடங்காது என்பதால் இதை எழுதுகிறேன்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் இரவு அது. டெங்குக் காலம் என்பதால் கட்டில் எல்லாம் நிரம்பி, நிலத்திலும் பாய் விரித்திருந்தோம். மூன்று தாதியர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். டெங்கு நோயாளிகளுக்குக் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை பார்க்க ஒரே இரவில் பல தடவை இரத்தம் எடுக்கிறோம். அதனால் ஊசிகள் வழமையை விட வேகமாகச் சேர்கின்றன. 5 மணிக்கு நான் இரத்தம் எடுக்கப் போகையில் அந்தப் பக்கத்து ஷார்ப்ஸ் பெட்டி முக்கால் பங்குக் கோட்டைத் தாண்டி வாய் வரை நிரம்பியிருந்தது. புதுப் பெட்டிகள் களஞ்சிய அறையில் பூட்டியிருந்தன. காலை 8 மணிக்குத்தான் திறப்பார்கள்.

நிரம்பிய பெட்டிக்குள் ஊசியைத் திணிக்கக் கூடாது. நான் திணிக்கவில்லை. ஊசியின் மூடியைத் திரும்பப் போடவும் இல்லை. ஆனால் இரண்டு நோயாளிகளின் ஊசிகளையும் ஒரே கிட்னி ட்றேயில் வைத்து, தாதியர் மேசைக்கு அருகில் இருந்த பெட்டிக்குக் கொண்டு போனேன். ஏறத்தாழ பத்து அடி தூரம். முதல் நோயாளியின் ஊசியைப் போட்டுவிட்டு வந்துதான் அடுத்தவருக்கு எடுத்திருக்க வேண்டும். அது என் தவறு. மறைக்காமல் எழுதுகிறேன்.

வழியில் பாயில் படுத்திருந்த ஒருவர் எழும்பப் பார்த்து, சேலைன் ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தார். அது என் பக்கம் சாய்ந்தது. வலது கையால் அதைத் தாங்கினேன். ட்றே சரிந்தது. இடது கைவிரல்களை மடக்கி அதை நிமிர்த்தும்போது ஊசி குத்தியது. முதலில் வலிக்கவே இல்லை. கையுறைக்குள் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு பரவுவதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

எந்த ஊசி என்பதில் சந்தேகம் இல்லை. முதல் நோயாளிக்குப் பாவித்தது பச்சை நிற 21 கேஜ், 5 மில்லிலீற்றர் சிரிஞ்சில் இருந்தது. இரண்டாமவருக்கு நாளம் மெல்லியது என்பதால் நீல நிற 23 கேஜ் எடுத்தேன். கையுறையில் மாட்டி நின்றது நீலம். உள்ளே துளையுள்ள ஊசி. நாளத்துக்குள் போய் வந்து இரண்டு நிமிடமும் ஆகவில்லை. ஊசியின் கழுத்துப் பகுதியில் இரத்தம் தெரிந்தது. காயம் சுட்டு விரலின் பெருவிரல் பக்கம், நகத்துக்குக் கீழுள்ள முதல் மடிப்புக்கு அருகில், ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஆழம். ஒற்றைக் கையுறை போட்டிருந்தேன்.

கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். விரலைப் பிழியச் சொன்னார்கள். நான் பிழியவில்லை. பிழிவதால் நன்மை இல்லை, திசுவுக்குத்தான் சேதம். ஸ்பிரிட்டும் ஊற்றவில்லை. உடன் கடமையில் இருந்தவர் என் நோயாளிகளைப் பொறுப்பெடுத்தார். 5.25க்குக் கடமை வைத்தியர் வந்தார். 5.50க்கு என் அடிப்படை இரத்த மாதிரி எடுக்கப்பட்டது. 6.25க்கு எச்.ஐ.வி தடுப்பு மாத்திரையின் முதல் வேளையைக் குடித்தேன். 72 மணித்தியாலத்துக்குப் பிந்தினால் அந்த மாத்திரையைத் தொடங்கிப் பயனில்லை, முந்த முந்த நல்லது. எனவே நோயாளியின் முடிவு வரும்வரை காத்திருக்காமல் தொடங்கச் சொன்ன வைத்தியருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

பிறகு அந்த மாத்திரையை 28 நாளும் தொடர்கிறேனா, நிறுத்திவிட்டேனா என்பதை இந்தத் தாளில் எழுதவில்லை. அதை எழுதினால் நோயாளியின் பரிசோதனை முடிவை எழுதியது போலத்தான். இந்தத் தாள் கோப்பில் கிடக்கும், நிர்வாகத்துக்கும் போகும், பலரின் கையில் படும். நோயாளியைப் பற்றியவை எல்லாம் ஒட்டிய உறையில் தனியாக உங்களிடம் வருகின்றன. விடுதியில் இரண்டு நாளாக "எந்தக் கட்டில்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்தக் கேள்வி வேண்டாம் என்று பொறுப்புத் தாதி மூலம் எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று. இரவு கடமைக்கு வருபவர்களின் கையில் இரண்டு வெற்றுப் பெட்டியாவது இருக்க வேண்டும். களஞ்சியத் திறப்பின் ஒரு பிரதி இரவு மேற்பார்வையாளரிடம் இருந்தாலும் போதும். இரத்தம் எடுக்கப் போகும் ட்றொலியிலேயே ஒரு சின்னப் பெட்டி கட்டியிருந்தால் நான் அந்தப் பத்து அடியை நடந்திருக்க மாட்டேன்.

இரவுக் கடமைத் தாதிய உத்தியோகத்தர்
ஆண்கள் மருத்துவ விடுதி

மந்தண இணைப்பு
தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு வைத்திய அதிகாரி மட்டும் திறக்கவும். விடுதிக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

அந்த ஊசி பாவிக்கப்பட்ட மூல நோயாளியை இங்கே "மூ-1" என்று குறிக்கிறேன். பெயர், கட்டில் இலக்கம், ஊர் எதுவும் இல்லை. குறியீட்டுக்கு உரியவர் யார் என்பது உங்கள் பூட்டிய பதிவேட்டில் மட்டும் உண்டு.

சம்மதம் கேட்டது நான் அல்ல, கடமை வைத்தியர். மூ-1ஐ வைத்தியர் அறைக்குக் கூட்டிப் போய், மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது, ஏன் பரிசோதனை, மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்று சொன்னார். "என்னாலை அந்தப் பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ டொக்டர்?" என்று கேட்டாராம். உடனே சம்மதித்தார்.

முடிவுகள் 17ஆம் திகதி மாலைக்குள் வந்தன. எச்.ஐ.வி இல்லை. ஹெபடைற்றிஸ் சி எதிர்ப்பொருள் இல்லை. ஹெபடைற்றிஸ் பி மேற்பரப்பு அன்டிஜன் உண்டு. அது அவருக்கே அன்றுதான் தெரியும்.

பாலியல் நோய் சிகிச்சை நிலைய வைத்தியர் மூ-1இன் அண்மைய ஆபத்து நிலைமைகளையும் கேட்டறிந்த பிறகு, 18ஆம் திகதி என் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மொத்தம் இரண்டு வேளை குடித்தேன். வயிற்றுப் பிரட்டல் தவிர வேறில்லை.

ஹெபடைற்றிஸ் பிக்கு நான் மூன்று தடுப்பூசியும் பெற்றவள். 2021இல் பார்த்தபோது எதிர்ப்பொருள் அளவு லீற்றருக்கு 186 சர்வதேச அலகு. 10 இருந்தாலே பாதுகாப்பு. ஆகவே இம்யூனோகுளோபுலின் தேவைப்படவில்லை. தடுப்பூசி போடாத ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால் இதுதான் பெரிய ஆபத்தாக இருந்திருக்கும். புதிய சிற்றூழியர்களின் தடுப்பூசி அட்டைகளை இந்த மாதமே பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை.

என் மறுபரிசோதனை பெப்ரவரி 28ஆம் திகதியும் ஏப்ரல் 17ஆம் திகதியும்.

மூ-1க்கு ஈரல் பரிசோதனையும் தொடர் சிகிச்சையும் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளன. மனைவி பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் வேண்டும் என்பதை வைத்தியர் அவரிடம் தனியே விளக்கினார். வீட்டில் தானே சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறார். அதுவரை மனைவி விடுதிக்கு வந்தால் யாரும் எதுவும் பேச வேண்டாம்.