கவின் – அக்டோபர் 2024 கணக்கு டியூஷன் கட்டணம்

1.11.2024, வெள்ளி

கவின் அம்மா, அப்பா இருவருக்கும் வணக்கம். தீபாவளி நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்டோபரில் விடுமுறை, மழை, என் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வகுப்புகள் முன்பின்னாகிவிட்டன. அதனால் தொகையை மட்டும் சொல்லாமல் தேதி வாரியாக எழுதுகிறேன். உங்கள் காலண்டரில் குறித்திருந்தால் ஒத்துப் பாருங்கள்.

செவ்வாய், வியாழன், சனி என்று பார்த்தால் இந்த மாதம் 14 நாள். இதில் 5, 8, 10, 17, 22, 26, 29 ஆகிய ஏழு நாளும் வழக்கம்போல் மாலை 6.30க்கு வகுப்பு நடந்தது.

1, 3 தேதிகளில் காலாண்டு விடுமுறைக்குக் கவின் கும்பகோணம் போயிருந்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள், அதனால் கட்டணம் இல்லை. 31 தீபாவளி, அதற்கும் இல்லை. 12ஆம் தேதி விஜயதசமி வகுப்பை மறுநாள் ஞாயிறு காலை எடுத்துவிட்டேன்.

15ஆம் தேதி உங்களுக்கே தெரியும். வேளச்சேரியில் முந்தின நாளே பாலத்தின் மேல் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள், மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். அந்த வகுப்புக்குப் பதில் 16ஆம் தேதி வீடியோ காலில் தொடங்கி 40 நிமிடம் போனது, அப்புறம் கரண்ட் போய்விட்டது. மீதி 50 நிமிடத்தை 20ஆம் தேதி ஞாயிறு நேரில் எடுத்தேன். இரண்டையும் சேர்த்து ஒரே வகுப்பாகத்தான் கணக்கிட்டிருக்கிறேன்.

24ஆம் தேதி எனக்குக் காய்ச்சல். அதற்குப் பதில் 27 ஞாயிறு காலை நடந்தது.

19ஆம் தேதி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று நான் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. கால் மணி நேரம் கீழே நின்றேன். கிரகப்பிரவேசத்துக்குப் போனதாக அம்மா இரவில் சொல்லி வருத்தப்பட்டீர்கள், எனக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. செப்டம்பரிலும் ஒருமுறை இப்படி ஆனபோது கணக்கில் சேர்க்காமல் விட்டேன். இந்த முறை சேர்த்திருக்கிறேன். மதியம் 12 மணிக்குள் ஒரு மெசேஜ் போட்டால் அந்த நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க முடியும், இல்லையென்றால் அந்த மாலை எனக்கு வீணாகிவிடும். ஜூனில் பேசிக்கொண்டதும் இதுதான்.

ஆக,
நடந்த வகுப்புகள் 10, 19ஆம் தேதி 1, மொத்தம் 11 × 400 = ரூ. 4,400
கிராஃப் நோட்டு இரண்டு = ரூ. 60
செப்டம்பரில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது, கழிக்க வேண்டியது = ரூ. 200
தர வேண்டியது = ரூ. 4,260

10ஆம் தேதிக்குள் ஜிபே செய்தாலும் சரி, கவினிடம் கவரில் கொடுத்தாலும் சரி. தேதி எதிலாவது சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன் கூப்பிடுங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

வகுப்பு குறைந்ததால் பாடம் பின்தங்கிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். இயற்கணிதத்தில் வரைபடம் மட்டும்தான் பாக்கி. அவனுக்குப் புரியாமல் இல்லை, குறியில்தான் தவறுகிறான். y = x² − 4x + 3 கணக்கில் x = −1 என்று போடும்போது 1 − 4 + 3 என்று எழுதி 0 என்றான். 1 + 4 + 3, அதாவது 8 வர வேண்டும். அந்த ஒரு புள்ளி தப்பினதும் பரவளையம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. "மிஸ், வளைவு கோணலா வருது" என்று அவனே கண்டுபிடித்து, அட்டவணைக்குத் திரும்பிப் போய்த் திருத்தினான். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. பொதுத்தேர்வில் வரைபடம் முழு 8 மதிப்பெண், இதை அவன் விடக்கூடாது. வீட்டில் தினமும் ஒரு வரைபடம் போடுகிறானா என்று மட்டும் பாருங்கள், சரியா தப்பா என்று நீங்கள் திருத்த வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 28இல் பொதுத்தேர்வு தொடங்குகிறது. மழை இன்னும் ஓயவில்லை. அதனால் நவம்பரில் மழைக்காகப் பள்ளி விடுமுறை விட்டால், அன்று அதே 6.30க்கு வீடியோ காலில் வகுப்பு வைத்துக்கொள்வோம். கரண்ட் இல்லையென்றால் அடுத்து வரும் ஞாயிறு காலை 7 மணி. உங்களுக்குச் சம்மதமா என்று சொல்லுங்கள்.

நாளை சனிக்கிழமை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதைக் குறித்துக்கொண்டேன், அதற்குக் கட்டணம் கிடையாது. 5ஆம் தேதி செவ்வாய் வருகிறேன். கிராஃப் நோட்டும் கூராகச் சீவின பென்சிலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
விஜி மிஸ்