மூன்றாம் ஆண்டு முன்னேற்ற மதிப்பீடு: தர்மபுரி கிணற்று நீரில் ஃபுளோரைடு

பெறுநர்: ஆய்வு மாணவி, நகல்: கைடு, துறைத்தலைவர்
டாக்டரல் கமிட்டிக் கூட்டம்: 18.07.2025
இலக்குகள் 28/40, திட்டம் நடக்குமா 14/30, சுயமாகச் செயல்படுதல் 26/30, மொத்தம் 68/100
பரிந்துரை: பதிவு தொடரலாம், திட்டத்தைத் திருத்தித் தர வேண்டும்

வணக்கம். படிவத்தில் எண் போட மட்டும்தான் கட்டம் இருக்கிறது, காரணம் எழுத இடமில்லை. 68 என்று மட்டும் பார்த்தால் சுமாராகப் போன வருடம் என்று நினைத்துவிடுவீர்கள், அது தப்பு. அதனால் எதற்கு எவ்வளவு போட்டேன், ஏன் போட்டேன் என்று தனியாக எழுதுகிறேன்.

முதலில் இலக்குகள். போன ஜூலையில் நீங்கள் ஒப்புக்கொண்டவை நான்கு: ஜனவரியில் 60 கிணறு, மே மாதத்தில் அதே 60, ஐசோடோப்புக்கு 30 மாதிரி வெளி லேபுக்கு அனுப்புவது, ஒரு கட்டுரை. ஜனவரி 60 முடிந்தது. மே மாதத்தில் 41 தான். ஐசோடோப்பு மாதிரி பாட்டிலில் இருக்கிறது, இன்னும் போகவில்லை. கட்டுரை அனுப்பவில்லை. கட்டுரை தீசிஸ் சமர்ப்பிப்பதற்குள் வந்தால் போதும் என்பதால் அதற்காக அதிகம் குறைக்கவில்லை. ஐசோடோப்புக்குத்தான் குறைத்தேன், ஏனென்றால் அது உங்கள் கையில் இருந்த வேலை, ஒரு பார்சலும் ஒரு கடிதமும் போதும். மே மாதத்தில் விட்டுப்போன 19 கிணற்றுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. அதற்குக் காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

திட்டம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. 2026 டிசம்பரில் தீசிஸ் சமர்ப்பிப்பதாகச் சொல்கிறீர்கள், அதற்குள் இன்னும் இரண்டு பருவம் மாதிரி எடுப்பது, 60 கிணற்றுக்கும் ஐசோடோப்பு, 300 பள்ளிப் பிள்ளைகளின் பல் பரிசோதனை. பட்டியலைப் பார்த்ததுமே மூச்சு வாங்கியது. உங்கள் அட்டவணையில் 60 கிணற்றுக்கு 4 நாள், வண்டி வாடகை நாளுக்கு 3,500 ரூபாய், ஆக 14,000 என்று இருக்கிறது. அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடிவந்த பழைய கணக்கு. இப்போது கிணற்றடியிலேயே உட்கார்ந்து டைட்ரேஷன் செய்கிறீர்கள். உங்கள் ஃபீல்டு நோட்டைப் புரட்டினேன், எந்த நாளிலும் 7 கிணற்றுக்கு மேல் போகவில்லை. அப்படியானால் 9 நாள், 31,500 ரூபாய். மே மாதத்தில் 41-இல் நின்றதும் வண்டிக் காசு தீர்ந்ததால்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அதே தவறான எண்ணை அடுத்த வருடத்துக்கும் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். முறை மாறினால் நாளும் பணமும் மாறும் என்று அட்டவணையில் காட்டாமல் விட்டதற்குத்தான் இங்கே பாதி மதிப்பெண் போனது.

பல் பரிசோதனையை விட்டுவிடுங்கள். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். நெறிமுறைக் குழு அனுமதிக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, பல் மருத்துவர் ஒருவரும் கூட இல்லை, பல் கறையை டீன் குறியீட்டைப் பார்த்துத் தரம் பிரிப்பது நமக்குப் பழக்கமான வேலையும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லேயே தொடங்கிவிட்டது. பல் எனாமல் உருவாவது சின்ன வயதில். இன்று ஏழாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை அந்த வயதில் கிணற்று நீர் எவ்வளவு குடித்தது, காவிரி நீர் எவ்வளவு குடித்தது என்று யாரால் சொல்ல முடியும்? கிணற்றில் இன்று லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பல்லில் கறை இருக்கிறது என்று இரண்டையும் கோடு போட்டு இணைத்தால், வைவாவில் முதல் கேள்வியிலேயே அறுந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு உதவ வேண்டும் என்ற உங்கள் எண்ணம் எனக்குப் புரிகிறது. எந்தக் கிணறு 1.5 என்ற குடிநீர் வரம்பைத் தாண்டுகிறது, எந்தப் பருவத்தில் தாண்டுகிறது என்று ஊராட்சிக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி.

அவசரப்படவும் தேவையில்லை. 2022 ஜூலையில் பதிவு, ஆறு ஆண்டு என்றால் 2028 ஜூலை, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை இருக்கிறது. ஆனால் ஃபெலோஷிப் ஐந்து ஆண்டோடு, 2027 ஜூலையில் நின்றுவிடும், உண்மையான கெடு அதுதான். அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுங்கள்.

அப்புறம் மூன்றாவது, நான் மிகவும் மகிழ்ந்து மதிப்பெண் போட்ட இடம். ஜனவரி மாதிரிகளில் நேர்மின், எதிர்மின் அயனிகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, சமமாக வர வேண்டிய இரண்டுக்கும் இடையிலான பிழை 60-இல் 14 மாதிரியில் 5 சதவீதத்தைத் தாண்டியது. பெரும்பாலானவர்கள் அந்த 14-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார்கள். நீங்கள் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தீர்கள். பதினான்கும் ஒரே பக்கம், நேர்மின் அயனி கூடுதல். கை தவறியிருந்தால் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும் என்று நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள், அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். கால்சியத்தை அமிலம் சேர்த்த பாட்டிலிலிருந்தும் ஆல்கலினிட்டியை அமிலம் சேர்க்காத பாட்டிலிலிருந்தும் அளந்தது, இரண்டு நாள் கழித்து அளப்பதற்குள் அந்தப் பாட்டிலின் அடியில் சுண்ணாம்பு படிந்தது, எல்லாவற்றையும் நீங்களே கோத்துப் பிடித்தீர்கள். பிப்ரவரியில் திரும்பப் போய்க் கிணற்றடியில் அளந்ததில் 12 சரியாகிவிட்டது. மீதி இரண்டும் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கிணறு, நைட்ரேட் அளக்காமல் விட்டது காரணம் என்று அதையும் கண்டுபிடித்தீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை என்று கைடே கூட்டத்தில் சொன்னார். இதற்காக மே மாதத்தில் 19 கிணறு குறைந்ததென்றால் குறையட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. மற்ற 46 மாதிரியும் 5 சதவீதத்துக்குள் இருப்பதால் அவை சரி என்று ஆகிவிடாது, கொஞ்சம் படிந்திருந்தாலும் எல்லைக்குள்தான் நிற்கும். கால்சைட் படிவதால்தான் ஃபுளோரைடு ஏறுகிறது என்பது உங்கள் முக்கிய வாதம், அது முழுக்க இந்த ஆல்கலினிட்டியில் நிற்கிறது. அதனால் அந்த 46-ஐ வைத்துத் தெவிட்டு நிலைக் கணக்கு போடாதீர்கள். கிணற்றடியில் அளந்தவற்றை மட்டும் எடுங்கள்.

4 மதிப்பெண் குறைந்தது எதனால் என்று கேட்பீர்கள். ஏன் 60 கிணறு என்று கேட்டபோது "சார் சொன்னார்" என்று சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள், அவரும் உங்களுக்காகப் பதில் சொன்னார், அடுத்த கேள்விக்கும் அவரே சொன்னார். கைடுக்கும் அன்பாகச் சொல்கிறேன், அடுத்த முறை மாணவியே பேசட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறவருக்கு அந்தப் பதில் தெரியாமல் இருக்காது.

திருத்திய திட்டம் 29.08.2025-க்குள் வேண்டும், இரண்டு பக்கம் போதும்: பல் பரிசோதனை இல்லாமல், ஐசோடோப்பு 20 கிணற்றுக்கு மட்டும், ஃபீல்டு நாள்கள் உங்கள் சொந்த நோட்டிலிருந்து கணக்கிட்டு. பாட்டிலில் இருக்கிற மாதிரிகளில் அந்த 20-ஐத் தேர்ந்து இந்த வாரமே லேபுக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு என் ஒப்புதல் தேவையில்லை.