நம் கடை ஆர்டர் எண்ணுக்கு அனுப்பும் முதல் செய்தி பற்றி

புதுப்பாளையம், கடலூர்
6 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மா, ஐயா, அக்கா, அண்ணன், தம்பி, தங்கை எல்லோருக்கும்,

வணக்கம். நம் மளிகைக் கடையின் ஆர்டர் போனைக் கையில் வைத்திருப்பது நான்தான் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம்தான். மழையும் தொடங்கப்போகிறது. வருஷத்திலேயே அதிகமாக ஆர்டர் வருவதும் இந்த நாள்களில்தான், அதிகமாகச் சாமான் மாறிப்போவதும் இந்த நாள்களில்தான். அதனால் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் முதல் செய்தியிலேயே உங்கள் ஆர்டர் முழுவதும் இருக்கட்டும். யார், எங்கே, என்ன, எவ்வளவு, எப்போது என்பதை ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள்.

இது இப்போது திடீரென்று தோன்றியதில்லை. போன வருஷம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். அடுத்த நாள்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. அப்போது டவர் வரும், போகும். கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்ததும் போனில் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. ஆவலோடு திறந்தால் பாதிக்கு மேல் "அக்கா இருக்கீங்களா?", "கடை திறந்திருக்கா?", "ஹாய்" என்றுதான் இருந்தது. "திறந்திருக்கு, என்ன வேணும் சொல்லுங்க" என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். அதற்குள் அங்கே சிக்னல் போய்விட்டது. கடையில் அரிசி இருந்தது, பால் பவுடர் இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது. தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவும் தம்பி தயாராக இருந்தான். யாருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு முதல் செய்தியிலேயே "அரிசி 5 கிலோ, மெழுகுவர்த்தி 2 பாக்கெட்" என்று வீட்டு அடையாளத்தோடு எழுதியவர்களுக்கு நாங்கள் பதில்கூடப் போடவில்லை, நேராகச் சாமானையே கொண்டுபோய்க் கொடுத்தோம். மற்றவர்களை நினைத்து எனக்கு இன்னமும் மனசு சங்கடப்படும்.

சாதாரண நாளிலும் கதை இதுதான். நீங்கள் "ஹாய்" அனுப்பும் நேரத்தில் நான் தராசுக்கு முன்னால் நிற்பேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்து "சொல்லுங்க" என்பேன். அதற்குள் நீங்கள் சமையலில் இருப்பீர்கள், இல்லையென்றால் பஸ்ஸில். இப்படியே மாறி மாறி மதியம் ஆகிவிடும், வண்டியும் கிளம்பிவிடும். வணக்கம் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு அதே மூச்சில் சாமானையும் எழுதிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் கடைசியாகச் செய்தி அனுப்பியவர் மேலே போய்விடுவார். நாங்கள் முதலில் எழுதியவருக்கு முதலில் கட்ட வேண்டும் என்று கீழே இருந்து மேலே வருகிறோம். ஆர்டர் கொடுத்துவிட்டு "என்னாச்சு அக்கா?" என்று அனுப்பினாலோ, ஒரு கேள்விக்குறி போட்டாலோ, உங்கள் பெயர் உச்சிக்குப் போய்விடுகிறது. சீக்கிரம் வரட்டும் என்று அனுப்பியதே உங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. அதேபோல, அனுப்பிய செய்தியைத் திருத்தவும் வேண்டாம். 15 நிமிஷம் வரை திருத்த முடியும் என்றாலும், அதற்குள் நான் சீட்டில் எழுதி உள்ளே கொடுத்திருப்பேன். 2 கிலோ 3 கிலோவாக மாறியது என் கண்ணில் படாது. மாற்றம் இருந்தால் "மாற்றம்" என்று தொடங்கிப் புதுச் செய்தியாகப் போடுங்கள்.

சரி, சாமான் பெயருக்கு வருகிறேன். அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

"கடலை அரை கிலோ" என்று வருகிறது. மல்லாட்டைப் பயிறா, பொட்டுக்கடலையா, கொண்டைக்கடலையா, கடலைப்பருப்பா? நம் ஊரில் மல்லாட்டை என்று சொன்னால் போதும், அப்படியே எழுதுங்கள். "மல்லி 100" என்றால் தனியாவா, மல்லித்தூளா? ஒருவர் கொத்தமல்லித் தழையையே அப்படி எழுதியிருந்தார். "உளுந்து" என்றால் முழு உளுந்தா, உடைத்ததா, தொலி உளுந்தா? "மிளகாய்" என்றால் நீட்டா, குண்டா, தூளா? "உப்பு" என்றால் கல்லா, தூளா? அவலில் கெட்டியும் உண்டு, மெலிசும் உண்டு. உங்கள் வீட்டில் எது புழங்குகிறதோ அதுதான் உங்களுக்கு உப்பு, அதுதான் உளுந்து. எனக்குக் கடையில் எல்லாமே புழங்குகிறது.

இதில் எனக்கு மறக்காதது சர்க்கரை. ஆடி வெள்ளிக்குப் படையல் போட ஒரு பெரியம்மா "சர்க்கரை 1 கிலோ" என்று பேத்தியை விட்டு எழுதச் சொல்லியிருந்தார். நாங்கள் வெள்ளைச் சர்க்கரையைக் கட்டி அனுப்பிவிட்டோம். அவர் கேட்டது நாட்டுச் சர்க்கரை. பொங்கல் பானை அடுப்பில் இருக்கும்போதுதான் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். தம்பி ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தான், ஆனாலும் நல்ல நேரம் தாண்டிவிட்டது. திருப்பிக் கேட்காதது எங்கள் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. "படையலுக்கு" என்று ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கே பொறி தட்டியிருக்கும். அதனால் எதற்கு என்பதையும் முடிந்தால் எழுதுங்கள். அதிரசத்துக்கு என்றால் பாகு வெல்லம் பார்த்து எடுப்பேன். இட்லிக்கு என்றால் முழு உளுந்து. முந்திரி பாயசத்துக்கு என்றால் உடைத்ததே போதும், உங்களுக்கும் காசு மிச்சம்.

அளவு. "மிளகு 100" என்று எழுதினால் அது 100 கிராமா, 100 ரூபாய்க்கா? கடைக்கு நேரில் வரும்போது இரண்டு விதமாகவும் கேட்கிறோம், அதே பழக்கம் செய்தியிலும் வந்துவிடுகிறது. எண்ணுக்குப் பின்னால் கிராம், கிலோ, லிட்டர், பாக்கெட், ரூபாய், ஏதாவது ஒன்று இருக்கட்டும். "எண்ணெய் 1" என்பதற்கும் இதுவே. எந்த எண்ணெய் என்பதையும் சேர்த்து.

"வழக்கம்போல" என்று எழுதுபவர்கள் எங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குப் பெருமைதான். ஆனால் போன மாசம் உங்கள் வீட்டில் விருந்தாளி இருந்தார்கள், அரிசி கூடுதலாகப் போனது. அதற்கு முந்தின மாசம் நீங்கள் ஊரிலேயே இல்லை. எந்த மாசத்து வழக்கம் என்று நான் எடுப்பது? பழைய பட்டியலை எடுத்து, வேண்டாததை நீக்கி, மறுபடி அனுப்பினால் போதும்.

நேரம் எழுதும்போது கிழமையும் தேதியும் வேண்டும். இரவு 12 மணி தாண்டி "நாளைக்குக் காலையில்" என்று வரும் செய்தியைப் பார்த்துவிட்டு நான் விடியற்காலையில் குழம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்து வீடு. உங்கள் எண் என்னிடம் பெயரோடு இருக்கும் என்று நினைக்காதீர்கள். போன் மாற்றியபோது சில பெயர்கள் போய்விட்டன. படத்தில் பூவோ சாமியோ இருந்தால் ஆளைத் தெரியாது. மாரியம்மன் கோயில் தெரு என்றால் எந்த ஊர் மாரியம்மன்? முதலில் பகுதியைச் சொல்லுங்கள்: மஞ்சக்குப்பம், செம்மண்டலம், தேவனாம்பட்டினம், திருப்பாதிரிப்புலியூர், கூத்தப்பாக்கம், வண்டிப்பாளையம். கெடிலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நடை, பாலம் தாண்டி அந்தப் பக்கம் ஒரு நடை என்று தம்பி பிரித்துக்கொண்டு போகிறான். பகுதி தெரியாத பை இரண்டு நடைக்கும் சேராமல் கடையிலேயே நின்றுவிடும்.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோருக்கு ஆர்டர் போடும் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஒரு தம்பி சிங்கப்பூரிலிருந்து புது எண்ணில் "அம்மாவுக்கு மாசச் சாமான் அனுப்பிடுங்க" என்று மட்டும் எழுதினார். "எந்த அம்மா தம்பி?" என்று கேட்டேன். அவர் வேலைக்குப் போய்விட்டார், பதில் மறுநாள்தான் வந்தது. அதற்குள் அந்த அம்மாவே காலிப் பையோடு ஷேர் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார், முட்டி வலியோடு. ஒரு குறை சொல்லவில்லை. "பையன் சொல்லியிருப்பான், உனக்கு வேலை இருந்திருக்கும்" என்றார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அம்மாவின் பெயர், பகுதி, அவருடைய போன் எண் மூன்றையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

எழுத முடியாதவர்கள் குரலில் பேசி அனுப்புவதை நிறுத்த வேண்டாம். வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு அம்மா பேசி அனுப்புவார். முதலில் தெரு, அப்புறம் பெயர், அப்புறம் ஒவ்வொரு சாமானாக நிறுத்தி நிறுத்தி. ஒரே தடவையில் எழுதிவிடுவேன். மற்றவர்கள், எழுத்து தெரிந்தவர்கள், எழுதியே அனுப்புங்கள். கடைச் சத்தத்தில் மூன்று நிமிஷப் பேச்சைக் கேட்டு, நடுவில் வரும் "அது வேண்டாம், அதுக்குப் பதிலா..." என்பதைப் பிடிப்பது கஷ்டம். சீட்டைப் படம் எடுத்து அனுப்புவதும் சரிதான், எழுத்து தெரியும்படி வெளிச்சத்தில் எடுத்து, படத்துக்குக் கீழே பெயரும் பகுதியும் போடுங்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் எனக்குக் கேட்க எதுவுமே இருக்காது:

வணக்கம் அக்கா. கூத்தப்பாக்கம், பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, மாடி வீட்டு டீச்சர்.
15ஆம் தேதி புதன், மதியத்துக்குள் வேண்டும்.
மாவுப் பச்சரிசி 2 கிலோ, பாகு வெல்லம் 2 கிலோ, அதிரசத்துக்கு.
பொட்டுக்கடலை அரை கிலோ.
கடலை எண்ணெய் 2 லிட்டர்.
ஏலக்காய் 50 ரூபாய்க்கு.
உடைத்த முந்திரி 200 கிராம். இல்லையென்றால் முழு முந்திரி போடுங்கள்.
பணம் தம்பியிடம் கொடுக்கிறேன்.

தமிழ் எழுத்தில்தான் வேண்டும் என்றில்லை, ஆங்கில எழுத்தில் அடித்தாலும் படித்துவிடுவேன். ஒரே செய்தியாக இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்திலிருந்து, பை கட்டுவதற்கு முன்பே பட்டியலும் மொத்தத் தொகையும் உங்களுக்கு வந்துவிடும். பார்த்துவிட்டு "சரி" என்று ஒரு சொல் போடுங்கள். சந்தேகம் இருந்தால் நாங்களாக ஊகிக்க மாட்டோம், போன் செய்து கேட்போம். காலை 11 மணிக்குள் வந்த ஆர்டர் மதிய நடையில் வரும், அதற்குப் பிறகு வந்தது மாலையில். புயல், வெள்ளம் என்று அறிவிப்பு வந்தால் இந்தக் கணக்கு இல்லை. முழுதாக எழுதிய ஆர்டரைப் பதிலுக்குக் காத்திராமல் கட்டி அனுப்பிவிடுவோம், பணம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடை அக்கா

பி.கு.: தீபாவளிப் பலகாரச் சாமான் ஆர்டரை 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். பாகு வெல்லம் எத்தனை கிலோ தேவைப்படும் என்று தெரிந்தவர்கள் இந்த வாரமே சொன்னால் அதற்கேற்ப வாங்கி வைப்பேன்.